மாணவர் சர்வே புராஜெக்ட்: வினாப்பட்டியலையும் மாதிரியையும் எப்படி மதிப்பிடுவது?

கல்லூரியில் ஆசிரியராகப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு மார்ச், ஏப்ரலில் புராஜெக்ட் ரிப்போர்ட்டுகள் கட்டுக் கட்டாக மேசைக்கு வரும். பெரும்பாலும் முதலில் கண்ணில் படுவது நான்காம் அத்தியாயம்தான்: அட்டவணைகள், வண்ண வட்டப்படங்கள், அதற்குக் கீழே இரண்டு வரி விளக்கம். ஆனால் அந்த எண்களின் தலையெழுத்து மூன்றாம் அத்தியாயத்திலேயே எழுதப்பட்டுவிடுகிறது. யாரிடம், என்ன கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள் என்பது அங்கேதான் இருக்கிறது. அந்த ஒரு பகுதியை மட்டும் எப்படி எடைபோடுவது என்று இங்கே எழுதுகிறேன்.

பார்க்க வேண்டியவை இரண்டு. கேள்வி பதிலைத் தன் பக்கம் இழுக்கிறதா? கேட்கப்பட்ட ஆட்கள் தலைப்பில் சொல்லப்பட்ட ஆட்கள்தானா? இவற்றைத் தனித்தனியே சரிபார்த்து, தனித்தனியே மதிப்பெண் போடுவது வழக்கம். நான் சேர்த்தே பார்க்கச் சொல்வேன். காரணம், கீழே வரும் எடுத்துக்காட்டில் தெரியும்: கேள்வி ஒரு பக்கம் தள்ளும்போது மாதிரியும் அதே பக்கம் சாய்ந்தால், தவறான முடிவு மிகத் தெளிவான முடிவு போலத் தோன்றும்.

எடுத்துக்காட்டு நான் அமைத்தது, எந்த மாணவருடையதும் அல்ல. ஆனால் நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துத் துறைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு இதன் சாயல் பழக்கமாக இருக்கும். தலைப்பு: ‘குமரி மாவட்ட மீனவர்களிடையே புயல் எச்சரிக்கைத் தகவல்கள் சென்றடைதல் – ஓர் ஆய்வு’. நோக்கங்கள் இரண்டு. எச்சரிக்கை எந்த வழியாக மீனவர்களைச் சென்றடைகிறது என்று அறிவது ஒன்று, வந்த எச்சரிக்கையை அவர்கள் பின்பற்றுகிறார்களா என்று அறிவது மற்றொன்று. ஜூன் இரண்டாம் வாரத்தில் குளச்சல் துறைமுகத்தில் காலை 8 முதல் 11 வரை 98 பேரிடம் நேரில் கேட்டு எழுதியிருக்கிறார்கள்.

படி 1: முடிவுகளை மூடி வையுங்கள்

நான்காம் அத்தியாயத்துக்கு ஒரு கிளிப் போட்டுவிடுங்கள். “94% பேர் பின்பற்றுகிறார்கள்” என்ற வரியைப் படித்துவிட்டால், அப்புறம் அந்த முடிவு நியாயமானது என்று காட்டும் கண்ணோடுதான் கேள்விகளைப் படிப்போம்.

தலைப்பையும் நோக்கங்களையும் மட்டும் படித்து, ‘யாரைப் பற்றிய ஆய்வு இது?’ என்று உங்கள் சொந்த வார்த்தையில் ஒரு வரி எழுதுங்கள். இங்கே முதல் சிக்கல் உடனே வருகிறது. குமரி மாவட்ட மீனவர் என்றால் யார்? தூத்தூர் பக்கத்திலிருந்து விசைப்படகில் வாரக்கணக்கில் தங்குகடல் போகிறவரா? முட்டத்தில் வள்ளத்தில் போய் அன்றைக்கே கரை திரும்புகிறவரா? படகு உரிமையாளரா? கரையில் மீன் விற்கும் பெண்களா? எச்சரிக்கை இவர்கள் ஒவ்வொருவருக்கும் வந்து சேரும் வழி வேறு, சேர்ந்த பிறகு செய்யக்கூடியதும் வேறு. ரிப்போர்ட்டில் இந்த வரையறை ஓரிடத்திலும் இல்லையென்றால் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மாதிரிக்கு வரும்போது தேவைப்படும்.

படி 2: எதிர்ப் பதில் சொல்பவராக உட்கார்ந்து படியுங்கள்

பதிலைத் தன் பக்கம் இழுக்கும் லீடிங் கேள்வியைக் கண்டுபிடிக்க இலக்கணம் எதுவும் வேண்டாம். ஆய்வாளர் எதிர்பார்க்காத பதிலை மனத்தில் வைத்திருக்கும் ஒருவராக உங்களை நினைத்துக்கொண்டு ஒவ்வொரு கேள்வியையும் படியுங்கள். சங்கடமில்லாமல் அந்தப் பதிலைச் சொல்ல முடிகிறதா? நம் எடுத்துக்காட்டில் அந்த ஆள், எச்சரிக்கை வந்தும் கடலுக்குப் போனவர்.

கேள்வி 4: “ஒக்கிப் புயலில் இத்தனை உயிர்கள் போன பிறகும், எச்சரிக்கை வந்தால் கடலுக்குப் போவது ஆபத்து என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா?” 2017 நவம்பர் கடைசியை மறக்காத கடற்கரையில் இதற்கு ‘இல்லை’ என்று யார் சொல்வார்? அந்தப் பதிலைச் சொன்னால் போன உயிர்களை மதிக்காதவர் ஆகிவிடுகிறார். இன்னொன்றும் கவனியுங்கள். ‘ஆபத்து என்று ஒப்புக்கொள்கிறீர்களா’ என்பது கருத்து, ‘பின்பற்றுகிறீர்களா’ என்பது செயல். நோக்கம் கேட்டது செயலை. இந்தக் கேள்வி பதிலைத் தள்ளுவதோடு, தள்ளுகிற இடமும் வேறு.

அதோடு, இது நான்காவதாக வருகிறது. ஒக்கியை நினைவூட்டிய பிறகு கேட்கிற எல்லாக் கேள்விகளும் அந்தத் துக்கத்தின் நிழலில்தான் பதில் பெறும். உறவைக் கடலில் இழந்த வீட்டுக்காரரிடம் முன்னறிவிப்பில்லாமல் இதைக் கேட்பது தவறு என்பது வேறு விஷயம், அதையும் ரிப்போர்ட்டின் ஓரத்தில் எழுதத்தான் வேண்டும். ஒக்கி பற்றிக் கேட்டே ஆக வேண்டுமென்றால் அதன் இடம் கடைசி, அதுவும் விருப்பமிருந்தால் மட்டும் பதில் சொல்லலாம் என்ற வரியோடு.

கேள்வி 7: “அரசு தரும் எச்சரிக்கை எந்த அளவுக்குப் பயனுள்ளது? மிகவும் பயனுள்ளது / பயனுள்ளது / ஓரளவு பயனுள்ளது / பயனில்லை.” சாதுவான கேள்வியாகத் தெரியும். பதில்களை எண்ணிப் பாருங்கள்: மூன்று பயன் பக்கம், ஒன்றுதான் மறுபக்கம். யோசிக்காமல் டிக் அடிக்கிறவர்களே முக்கால் பங்கை நல்ல பக்கம் கொண்டுபோய்விடுவார்கள். எச்சரிக்கையே வந்து சேராதவர் இதில் எதை டிக் அடிப்பார் என்பதற்கு இடமே இல்லை. ‘எனக்கு வருவதில்லை’ என்பது முதல் நோக்கத்துக்கு மிக முக்கியமான பதில், அதைச் சொல்லக் கட்டம் இல்லை.

கேள்வி 5, எச்சரிக்கை எந்த வழியாக வருகிறது என்பது. கொடுத்த பதில்கள்: தொலைக்காட்சி, வானொலி, குறுஞ்செய்தி, மொபைல் செயலி, அரசு அதிகாரி. வாக்கியத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கோயில் மைக்கில் சொல்லும் அறிவிப்பு எங்கே? பக்கத்துப் படகிலிருந்து வயர்லெஸ்ஸில் வரும் குரல் எங்கே? வீட்டிலிருந்து வரும் போன் எங்கே? கடற்கரை ஊர்களில் இந்த வழிகளை விட்டுவிட்டுப் பட்டியல் போட்டால், கேட்டவர் தன் உண்மையான வழியைக் காணாமல் அதற்கு அருகில் உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். ‘மற்றவை’ என்று ஒரு கோடு கடைசியில் இருக்கிறதே என்று மாணவர் சொல்வார். நின்றுகொண்டே பதில் சொல்பவர்களில் அந்தக் கோட்டை நிரப்புகிறவர்கள் மிகக் குறைவு. புதிய மதிப்பீட்டாளர்கள் வாக்கியத்தில் மட்டும் லீடிங்கைத் தேடுகிறார்கள். பதில் பட்டியலிலும் அது அதே அளவுக்கு ஒளிந்திருக்கும்.

கேள்வி 9: “எச்சரிக்கையை ஏன் சிலசமயம் பொருட்படுத்துவதில்லை?” முன்னால் ‘பொருட்படுத்தாமல் போனதுண்டா?’ என்ற கேள்வி இருந்து, ‘ஆம்’ சொன்னவர்களுக்கு மட்டும் இது என்றால் சரி. இல்லையென்றால் போகாதவரும் ஒரு காரணம் தயாரித்துச் சொல்வார்.

சொல் மாறினால் பதில் மாறும் என்பது வெறும் சந்தேகம் அல்ல. டொனால்ட் ரக் என்ற ஆய்வாளர் 1941இல் வெளியிட்ட அமெரிக்கச் சோதனையில், ஜனநாயகத்துக்கு எதிரான பொதுப்பேச்சை ‘அனுமதிக்கலாமா’ என்று கேட்டபோது 62% பேர் கூடாது என்றார்கள். ‘தடைசெய்யலாமா’ என்று கேட்டபோது 46% பேர்தான் ஆம் என்றார்கள். இரண்டும் ஒரே முடிவைத்தான் கேட்கின்றன. வைவாவில் மாணவர் “ஒரு வார்த்தைதானே சார்” என்றால் இதைச் சொல்லலாம்.

படி 3: காகிதத்தில் இருப்பதல்ல, வாயில் வந்ததைக் கேளுங்கள்

வினாப்பட்டியல் பாடநூல் தமிழிலோ ஆங்கிலத்திலோ அச்சாகியிருக்கும். துறைமுகத்தில் அதை அப்படியே யாரும் வாசிப்பதில்லை. “ஆறாவது கேள்வியை அங்கே எப்படிக் கேட்டீர்கள், அப்படியே கேளுங்கள்” என்று வைவாவில் சொல்லிப் பாருங்கள். அச்சில் “எச்சரிக்கை வந்தால் என்ன செய்வீர்கள்?” என்று நல்ல கேள்வி இருக்கும். மாணவர் வாயில் அது “எச்சரிக்கை வந்தா போக மாட்டீங்கதானே அண்ணே?” என்று வரும். அந்தத் ‘தானே’ போதும்.

யார் உடன் வந்தார்கள் என்றும் கேளுங்கள். படகு உரிமையாளர் பக்கத்தில் நிற்கும்போது அவர் படகில் வேலை செய்பவரிடம் ‘எச்சரிக்கை வந்தும் கடலுக்குப் போகச் சொன்னார்களா’ என்று கேட்டால் கிடைக்கும் பதிலை எழுதி என்ன பயன்? பங்குத்தந்தையோ மீன்வளத் துறை அலுவலரோ அறிமுகம் செய்துவைத்திருந்தால் தவறில்லை. அவர்கள் அறிமுகத்தோடு போய்விட்டார்களா, கேட்டு முடியும்வரை நின்றார்களா என்பதுதான் கேள்வி.

படி 4: மாதிரியை நாள்காட்டியோடு வைத்துப் பாருங்கள்

ரிப்போர்ட்டில் சூத்திரம் இருக்கும். எத்தனை பேரைக் கேட்க வேண்டும் என்று கணக்கிட நம் மாணவர்கள் அதிகம் பயன்படுத்துவது யமானே சூத்திரம்:

```
n = N / (1 + N × e²)
```

நம் ரிப்போர்ட்டில் மொத்த மீனவர் N = 4000, பிழை அளவு e = 0.10 என்று போட்டு, 4000 ÷ 41 = 97.6, ஆகவே 98 பேர் என்று வந்திருக்கிறது. கணக்கு சரி. ‘4,000 எங்கிருந்து வந்தது, மாவட்டத்து மீனவர்கள் இதைவிடப் பல மடங்கு இருப்பார்களே’ என்று மதிப்பீட்டாளர்கள் இங்கே மாணவரைப் பிடிப்பதுண்டு. பிடிக்கலாம். ஆனால் N-ஐ 40,000 ஆக்கினாலும் விடை 100தான். இரண்டே பேர் வித்தியாசம். அந்த வாதத்தில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

உண்மையான ஓட்டை வேறு இடத்தில். மொத்தக் கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் தேர்வாகும் வாய்ப்பு உண்டு என்ற நிபந்தனையின் மேல்தான் அந்தச் சூத்திரம் நிற்கிறது. அடுத்த வரியிலேயே ‘வசதி மாதிரி முறை பின்பற்றப்பட்டது’ என்று எழுதியிருக்கிறார்கள். கண்ணில் பட்டவரைக் கேட்டுவிட்டு, சூத்திரத்தால் அதற்குப் பொட்டு வைத்த கதை. வசதி மாதிரியே கூடாது என்று நான் சொல்லவில்லை. மூன்று மாதத்தில், கைக்காசில் செய்யும் புராஜெக்ட்டுக்கு அதுதான் பெரும்பாலும் முடியும். அப்படியென்றால் சூத்திரத்தை விட்டுவிட்டு, யார் கிடைத்தார்கள், யார் கிடைக்கவில்லை என்று நேர்மையாக எழுத வேண்டும். நான் மதிப்பெண் தருவது அந்த ஒரு பத்திக்குத்தான்.

இப்போது நாள்காட்டியை எடுங்கள். குமரியின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். சின்னமுட்டம் கிழக்குக் கரைக் கணக்கில் வருவதால் அங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு தடைக்காலம் என்பது பக்கத்து மாவட்டத்திலிருந்து வந்த மதிப்பீட்டாளருக்குத் தெரியாமல் போகலாம். ஜூன் இரண்டாம் வாரத்தில், அதாவது 14ஆம் தேதிவரை, இரண்டு பக்கத்து விசைப்படகுகளும் கட்டிக் கிடக்கும். வலை சீர் செய்துகொண்டு, படகுக்கு வண்ணம் பூசிக்கொண்டு, பேச நேரமுள்ளவர்களாக இருப்பது விசைப்படகுத் தொழிலாளர்கள். நாட்டுப்படகு, வள்ளம் ஆகியவற்றுக்கு இந்தத் தடை இல்லை. காலை 8 முதல் 11 வரை அவர்கள் ஒன்று கடலில் இருப்பார்கள், அல்லது கரைசேர்ந்து மீனை ஏலத்துக்குக் கொண்டுபோகும் அவசரத்தில் இருப்பார்கள். மாணவரின் தாளைப் பார்க்க யாருக்கு நேரம்?

ரிப்போர்ட்டின் முதல் அட்டவணை இதையே காட்டுகிறது: விசைப்படகுத் தொழிலாளர் 71, நாட்டுப்படகு, வள்ளத்தில் போகிறவர் 19, உரிமையாளர் 8. மாவட்டத்து மீனவர்களின் விகிதம் இது என்று எடுத்துக்கொள்ள வழியில்லை. ஜூன் மாதக் காலைநேரக் குளச்சலின் விகிதம் இது. கேட்கப்பட்டவர்கள் யார் என்பதைத் தடைக்காலமே முடிவு செய்திருக்கிறது.

இந்த 19 பேரை வைத்து மாணவர் ஒப்பீடும் செய்திருப்பார், பெரும்பாலும் செய்கிறார்கள். இதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு: 1-ஐ எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் பிழையின் அளவு தோராயமாகத் தெரியும். 98 பேருக்கு ஏறக்குறைய 10 சதவீதப் புள்ளி. 19 பேருக்கு 23. வள்ளக்காரர்களில் 12 பேர் கோயில் மைக் வழியாகத் தகவல் வருகிறது என்று சொல்லியிருந்தால் அது 63%. அதை 40க்கும் 86க்கும் நடுவில் எங்கோ என்றுதான் வாசிக்க வேண்டும். அதுவும் வாய்ப்பு முறையில் தேர்ந்தெடுத்திருந்தால் மட்டும். ‘நாட்டுப்படகு மீனவர்கள் விசைப்படகினரைவிட அதிகம்’ என்று அடுத்த வரி வந்தால் சிவப்பு மையில் சுற்றிவிடுங்கள்.

படி 5: இரண்டையும் சேர்த்து வாசியுங்கள்

இப்போது கிளிப்பை எடுத்துவிட்டு நான்காம் அத்தியாயத்தைத் திறக்கலாம். முதல் முடிவு: ‘94% மீனவர்கள் எச்சரிக்கையைப் பின்பற்றுகிறார்கள்’.

இது எப்படி வந்தது என்று பின்னோக்கி நடந்து பாருங்கள். கேள்வி 4 துக்கத்தை நினைவூட்டி ‘ஆம்’ பக்கம் தள்ளியது. ஆறாவது கேள்வி ‘எச்சரிக்கை வந்தால்’ என்று கற்பனைச் சூழலைக் கேட்டது. பதில் சொன்னவர்களில் பெரும்பாலானோரின் படகு அன்றைக்குக் கட்டிக் கிடந்தது, அடுத்த ஏழு வாரத்துக்குக் கடலுக்குப் போகவும் முடியாது. ‘எச்சரிக்கை வந்தால் போக மாட்டேன்’ என்று சொல்ல அவர்களுக்கு அன்று ஒரு செலவும் இல்லை. தினசரி வருமானத்தையும் காற்றையும் எடைபோட்டு, போகலாமா வேண்டாமா என்று விடியற்காலையில் முடிவெடுக்கும் வள்ளக்காரர்தான் இந்தக் கேள்வியின் உண்மையான ஆள். அவர் 19 பேருக்குள் சுருங்கிவிட்டார். கேள்வியை மட்டும் திருத்தினால் சாய்வு குறையும், போகாது. மாதிரியை மட்டும் திருத்தினாலும் அப்படியே.

தங்குகடல் போகிறவர்களுக்கு ‘பின்பற்றுவது’ என்ற சொல்லே பொருந்துகிறதா என்பதும் இங்கே வெளிவரும். ஒக்கியின்போது பலர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தார்கள். அவர்களுக்கு ‘போகாதே’ என்ற தகவலால் பயனில்லை. திரும்பி வர முடியுமா, தகவல் அவ்வளவு தூரம் எட்டுமா என்பதுதான் அவர்கள் கேள்வி. விசைப்படகினர் 71 பேரில் தங்குகடல் போகிறவர்களிடமும் பொருந்தாத கேள்வியைக் கேட்டுப் பதில் வாங்கியிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் மாணவர் க்ரோன்பாக் ஆல்பா 0.86 என்று ஒரு அட்டவணையைக் காட்டலாம். நம்பகத்தன்மை உறுதி என்று கீழே எழுதியிருக்கும். மயங்க வேண்டாம். எல்லாக் கூற்றுகளும் ஒரே பக்கம் தள்ளும்படி எழுதப்பட்டு, பதில் சொல்பவர் எல்லாவற்றுக்கும் ‘ஆமாம்’ போட்டுக்கொண்டே போனால் ஆல்பா உயரத்தான் செய்யும். பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. எதிர்மறையாக எழுதிய கூற்றுகள் இரண்டு மூன்றாவது நடுவில் இருக்கின்றனவா, அவற்றை மாற்றிக் கணக்கிட்டார்களா என்று பாருங்கள்.

படி 6: திருத்த முடிந்ததா என்று பார்த்து மதிப்பெண் போடுங்கள்

குறை கண்டுபிடித்துவிட்டு நிறுத்தினால் மாணவருக்குப் பயனில்லை. நான்கைந்து கேள்விகளாவது மாற்றி எழுதிக் காட்டுங்கள். கேள்வி 4, 6, 7 மூன்றுக்கும் பதிலாக நான் இப்படிப் போடுவேன்: “கடைசியாகக் கடலுக்குப் போக வேண்டாம் என்று தகவல் வந்தது நினைவிருக்கிறதா?” நினைவிருந்தால், “அப்போது நீங்கள் கரையில் இருந்தீர்களா, கடலிலா?”, “முதலில் யார் சொல்லித் தெரிந்தது?”, “அன்றைக்கு என்ன செய்தீர்கள்?” கடைசிக் கேள்விக்குப் பதில் பட்டியல் வேண்டாம், சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளட்டும். நடந்த ஒரு நாளைக் கேட்டால் நல்ல பெயர் வாங்கும் பதிலுக்கு இடம் குறைகிறது. தகவலே வராதவரும், கடலில் இருந்தவரும் தானாகப் பிரிந்து நிற்பார்கள்.

மாதிரியைச் சரிசெய்ய இரண்டு வழி. நேரம் இருந்தால், வள்ளக்காரர்களைப் பிற்பகலிலோ, பலரும் கடலுக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமையிலோ போய்ப் பார்ப்பது. தங்குகடல் ஆட்கள் ஊரில் கிடைக்க ஜூன், ஜூலை நல்ல காலம்தான், ஆனால் அவர்களைக் குளச்சலில் தேடாமல் தூத்தூர் பக்கத்து ஊர்களுக்கே போக வேண்டும். நேரம் இல்லையென்றால் தலைப்பைச் சுருக்குவது: ‘தடைக்காலத்தில் குளச்சலில் இருந்த விசைப்படகுத் தொழிலாளர்கள்’. இது தோல்வி அல்ல. சிறிய, உண்மையான தலைப்பு, பெரிய பொய்த் தலைப்பைவிட அதிக மதிப்பெண் வாங்க வேண்டும்.

இந்தப் பகுதிக்கு 20 மதிப்பெண் என்றால் நான் நோக்கத்துக்கும் கேள்விக்கும் உள்ள பொருத்தத்துக்கு 4, கேள்வியின் சொற்களுக்கும் பதில் பட்டியலுக்கும் 8, மாதிரிக்கு 8 என்று பிரிப்பேன். இந்த ரிப்போர்ட்டுக்கு 2, 3, 3, மொத்தம் 8. ஒரே தவறுக்கு இரண்டு இடத்தில் வெட்டக் கூடாது என்பதைக் கவனியுங்கள். மாவட்டம் என்ற தலைப்புக்குக் குளச்சல் மட்டும் போதாது என்பதற்கு மாதிரியில் வெட்டிவிட்டால், நான்காம் அத்தியாயத்தில் அதே காரணத்துக்கு மறுபடி வெட்ட வேண்டாம்.

முன்னோட்டச் சோதனைக்கு மதிப்பெண் கொடுக்கும்போது மட்டும் கொஞ்சம் கறாராக இருங்கள். ‘10 பேரிடம் முன்னோட்டம் செய்யப்பட்டது, மாற்றம் தேவைப்படவில்லை’ என்ற வரிக்கு நான் ஒன்றும் தருவதில்லை. பத்துப் பேரிடம் போய் ஒரு கேள்வியும் மாறவில்லை என்றால் அநேகமாகப் போகவில்லை. பழைய வடிவம், புதிய வடிவம் இரண்டையும் காட்டி, ‘கோயில் மைக் என்று நான்கு பேர் சொன்னதால் அதைப் பட்டியலில் சேர்த்தோம்’ என்று ஒரு வரி எழுதியிருந்தால், சொற்களுக்கான எட்டில் இரண்டை அதற்கே கொடுத்துவிடலாம்.

கடைசியாக, ரிப்போர்ட்டில் எழுதும் குறிப்பு. ‘மாதிரி போதாது, கேள்விகள் சரியில்லை’ என்று எழுதினால் மாணவருக்குக் கையெழுத்துத் தவிர ஒன்றும் கிடைக்காது. நான் எழுதுவது இந்த மாதிரி இருக்கும்: “கே. 4-இலிருந்து ஒக்கி பற்றிய முன்னுரையை நீக்கவும். கே. 5-இல் கோயில் அறிவிப்பு, வயர்லெஸ், வீட்டுப் போன், தகவல் வரவில்லை ஆகியவற்றைச் சேர்க்கவும். கே. 7-இல் இரு பக்கமும் சம எண்ணிக்கையில் பதில்கள் தரவும். சேகரித்த மாதத்தையும் நேரத்தையும், அதனால் விடுபட்டவர்களையும் பக்கம் 31-இல் எழுதவும். 94% என்ற முடிவைக் குளச்சல் விசைப்படகுத் தொழிலாளர்கள் சொன்னது என்று மட்டும் திருத்தவும்.”